ஹார்மோன் மிகுந்தால் மறையும் கோடு

முத்துப்பிள்ளைக் கர்ப்பத்தில் ரத்தத்தில் எச்.சி.ஜி. ஹார்மோன் மில்லி லிட்டருக்கு 5 லட்சம் மில்லி யூனிட்டைத் தாண்டக்கூடும். அப்போதும் சிறுநீர்ப் பரிசோதனை அட்டை ‘கர்ப்பம் இல்லை’ என்று காட்டிவிடலாம்.

அட்டையில் ஓர் ஆன்டிபாடி கோட்டில் ஒட்டியிருக்கும். மற்றொன்று சாயத்தோடு நகரும். இரண்டும் ஒரே ஹார்மோன் மூலக்கூறை இருபுறமும் பிடித்தால்தான் கோடு தெரியும். ஹார்மோன் மிதமிஞ்சினால் ஒவ்வொன்றும் தனித்தனி மூலக்கூறைப் பிடித்துக்கொள்ள, சாயம் கோட்டில் தங்காமல் போய்விடுகிறது. இதுவே ‘ஹூக் விளைவு’.

மாதவிடாய் தவறி, ரத்தப்போக்கும் கடும் வாந்தியும் இருந்தால் மருத்துவர் இதைச் சந்தேகிப்பார். ஆய்வகத்தில் ஒரு பங்கு சிறுநீரோடு 9 பங்கு உப்புக்கரைசல் சேர்த்து மீண்டும் சோதிப்பார்கள். நீர்த்த பின் கோடு தோன்றினால், முதல் முடிவு தவறு என்பது உறுதி. தோன்றாவிட்டால் 100 மடங்கு நீர்த்துப் பார்ப்பார்கள். ரத்தப் பரிசோதனையில், கிடைத்த அளவை நீர்த்த மடங்கால் பெருக்கினால் உண்மை அளவு தெரியும்.