வேலை விளம்பரத்தில் எது கட்டாயம், எது ஆசை?

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் கணக்காளர் தேவை என்று விளம்பரம் செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். பி.காம்., 3 முதல் 5 ஆண்டு அனுபவம், டேலி, ஜிஎஸ்டி தாக்கல், எஸ்ஏபி, இந்தி, சிஏ இன்டர் முடித்தவர்களுக்கு முன்னுரிமை. ஆடிட்டர் அலுவலகத்தில் இரண்டு ஆண்டு வேலை பார்த்த ஒரு பெண் இதைப் படித்ததும், நமக்கில்லை என்று ஒதுங்கிவிடுவார். அவசரப்படக் கூடாது.

தகுதிப் பட்டியலை விட்டுவிட்டு, முதலில் வேலை விவரத்தைப் படிக்க வேண்டும். அதில் மூன்று வரிகள்தான் இருக்கின்றன: பில்களை டேலியில் பதிவது, வங்கிக் கணக்கோடு ஒத்துப்பார்ப்பது, மாதந்தோறும் ஜிஎஸ்டி தாக்கல் செய்வது. இனி ஒவ்வொரு தகுதியையும் இந்த வரிகளோடு பொருத்திப் பாருங்கள். மாதத் தாக்கல் செய்யும் நிறுவனத்துக்கு ஜிஎஸ்டிஆர்-1 பதினொன்றாம் தேதிக்குள், ஜிஎஸ்டிஆர்-3பி இருபதாம் தேதிக்குள் போயாக வேண்டும். தவறினால் தாமதக் கட்டணம் விழும்; வரி பாக்கி இருந்தால் வட்டியும் சேரும். சேர்ந்த பிறகு கற்றுக்கொள்ளட்டும் என்று முதலாளி பொறுத்திருக்க முடியாது. ஆகவே டேலியும் ஜிஎஸ்டியும் கட்டாயம்.

எஸ்ஏபி வேலை விவரத்தில் எங்குமே இல்லை. கணக்கு முழுக்க டேலியில் நடக்கும் இடத்தில் அது பெரும்பாலும் வேறொரு விளம்பரத்திலிருந்து ஒட்டிக்கொண்டு வந்ததாகவே இருக்கும். இந்தியும் அப்படித்தான், வடநாட்டு வியாபாரிகளோடு பேச வேண்டும் என்று எழுதியிருந்தால் மட்டுமே அது தேவை. 'முன்னுரிமை' என்ற சொல் வந்தாலே அது இருந்தால் நல்லது, அவ்வளவுதான். மூன்று ஆண்டு கேட்கும் இடத்தில் இரண்டு ஆண்டு இருந்தால் தாராளமாக விண்ணப்பிக்கலாம். அனுபவமே இல்லாதவருக்கு அந்த இடைவெளி பெரிது.

இந்தக் கணக்கு எல்லா இடத்திலும் செல்லாது. மருந்தாளுநருக்குப் பதிவும், லாரி ஓட்டுநருக்குக் கனரக வாகன உரிமமும் சட்டம் கேட்பவை. முதலாளியே நினைத்தாலும் தளர்த்த முடியாது. அரசு வேலையிலும் கறார்தான். டிஎன்பிஎஸ்சி அறிவிக்கைத் தேதியில் கல்வித் தகுதி கையில் இருக்க வேண்டும். யுபிஎஸ்சி நேரடி நியமன விளம்பரங்கள் அவசியத் தகுதியையும் விரும்பத்தக்க தகுதியையும் தனித்தனியாகவே போடும். ஆனால் விண்ணப்பங்கள் குவிந்தால் விரும்பத்தக்க தகுதியை வைத்தே ஆட்களை வடிகட்டக்கூடும் என்பதால், அங்கே அதை அலட்சியப்படுத்தாதீர்கள்.

தனியார் விளம்பரம் ஒன்றில் சந்தேகம் தீரவில்லையென்றால், அதில் உள்ள எண்ணுக்கு ஒரு போன் போடுங்கள். "எஸ்ஏபி தெரியுமா என்று பார்ப்பீர்களா?" என்று கேட்காதீர்கள், ஆமாம் என்றுதான் பதில் வரும். "சேர்ந்த முதல் மாதத்தில் நான் என்னென்ன வேலை பார்க்க வேண்டியிருக்கும்?" என்று கேளுங்கள். அந்தப் பதிலில் வரும் வேலைகள் உங்களுக்குத் தெரிந்தவையாக இருந்தால், அன்றைக்கே விண்ணப்பத்தை அனுப்பிவிடுங்கள்.