மாதாமாதம் யார் பிடிக்கிறார்கள்?

வீட்டில் என்னென்ன சந்தா கட்டுகிறீர்கள் என்று யாரைக் கேட்டாலும் நாலைந்து பெயர் சட்டென்று வரும். படம் பார்க்கும் ஓடிடி, இணைய இணைப்பு, பிள்ளையின் பாட்டுச் செயலி. நாம் தேடுவது இவற்றை அல்ல. தினமும் பயன்படுத்துவதால்தான் இவை நினைவில் இருக்கின்றன. மறந்துபோன சந்தாவை நினைவிலிருந்து எழுத முடியாது. அதனால் வீட்டுச் சந்தாப் பட்டியலை வங்கி ஸ்டேட்மென்ட்டிலிருந்து தொடங்க வேண்டும். அதுவும் மூன்று மாதத்துக்கு எடுத்தால் போதாது. ஆண்டுச் சந்தா பன்னிரண்டு மாதத்தில் ஒரே ஒரு முறைதான் தலைகாட்டும் என்பதால் முழு ஓராண்டுக்கு எடுக்க வேண்டும்.

பாளையங்கோட்டையில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். ஓய்வூதியம் வாங்கும் பெரியவர், மகன், மருமகள், பத்தாம் வகுப்புப் படிக்கும் பேத்தி. நான்கு கைபேசி, மூன்று வங்கிக் கணக்கு, ஒரு கிரெடிட் கார்டு. மருமகள்தான் ஸ்டேட்மென்ட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்கிறார். ஒரே தொகை, ஏறக்குறைய ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்ப வருகிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பெயரை நம்பிப் பயனில்லை. நாம் அறிந்த சேவையின் பெயருக்குப் பதில் அதற்காகப் பணம் வசூலித்துக் கொடுக்கும் இடைநிறுவனத்தின் பெயரோ, அதைவிட மோசமாக நாலெழுத்துச் சுருக்கமோ அங்கே இருக்கும்.

பெரியவரின் கணக்கில் மாதாமாதம் 299 ரூபாய் போயிருக்கிறது.

"மாமா, இந்த 299 எதுக்குப் போகுது?"

"அந்த ஜோசிய ஆப்பா? அதை அன்னைக்கே போன்ல இருந்து எடுத்துட்டேனேம்மா."

செயலியைக் கைபேசியிலிருந்து நீக்கினால் சந்தா நிற்பதில்லை. சந்தா என்பது பெரியவர் வங்கிக்குக் கொடுத்து வைத்திருக்கும் ஓர் அனுமதி. "இந்த நிறுவனம் கேட்கும்போது இந்த உச்சவரம்புக்குள் கொடு" என்ற அந்த அனுமதிக்கு மேன்டேட் என்று பெயர். யுபிஐயில் இதுவே ஆட்டோபே. மூன்று நாள் சோதனைக்கு இரண்டு ரூபாய் என்று காட்டி, அந்த இரண்டு ரூபாய்க்காக அவர் பின் எண்ணைப் போட்டபோது மேன்டேட்டும் சேர்ந்தே பதிவாகிவிட்டது. செயலி போன பிறகும் மேன்டேட் வங்கியில் உயிரோடு இருக்கிறது. இலவசச் சோதனை என்று சொல்லித் தானியங்கிப் பிடித்தத்துக்கு அனுமதி கேட்பதை, 2023 நவம்பரில் மத்திய அரசு அறிவித்த நுகர்வோர் வழிகாட்டு விதிகள் சந்தாப் பொறி என்றே வகைப்படுத்தியிருக்கின்றன. விதி இருக்கிறது, பொறியும் இருக்கிறது.

முன்னறிவிப்பு வராதா என்று கேட்கலாம். வரும். கார்டு, யுபிஐ வழித் தானியங்கிப் பிடித்தங்களுக்கு, பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே வாடிக்கையாளருக்குத் தகவல் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. 2021 அக்டோபர் முதல் இது நடைமுறையில் இருக்கிறது. நிறுவனத்தின் பெயர், தொகை, தேதி எல்லாம் அதில் இருக்கும், வேண்டாமென்று மறுக்கவும் வழியிருக்கும். ஆனால் நூறு விளம்பரக் குறுஞ்செய்திகளுக்கு நடுவே அது வந்தால் பெரியவர் பார்ப்பாரா? கணக்கோடு இணைத்த பழைய எண் இப்போது மேசை இழுப்பறையில் கிடக்கும் கைபேசியில் இருந்தால் பார்க்க வழியே இல்லை. பிடித்தம் 15,000 ரூபாய் வரை இருந்தால் பெரும்பாலும் ஒவ்வொரு முறையும் ஓடிபியோ பின் எண்ணோ கேட்கமாட்டார்கள். வீட்டுச் சந்தா எல்லாமே இந்த வரம்புக்குள்தான் வரும்.

இனி பட்டியல். கூகுள் ஷீட்ஸ், எக்ஸெல், கோடு போட்ட நோட்டு எதுவானாலும் சரி. எட்டுக் கட்டம் போதும். A சேவையின் பெயர், B வீட்டில் யாருடையது, C எந்தக் கணக்கு வழியாகப் பணம் போகிறது, D தொகை, E எத்தனை நாளுக்கு ஒரு முறை, F அடுத்த பிடித்தம் எப்போது, G மாதச் செலவு, H நிலை. கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கம் மட்டும் எழுதினால் போதும். பாஸ்வேர்டையும் பின் எண்ணையும் இதில் சேர்க்கவே கூடாது.

இடைவெளியை மாதத்தில் எழுதாமல் நாளில் எழுதச் சொல்வதற்குக் காரணம் ரீசார்ஜ். 84 நாள் திட்டம் 860 ரூபாய் என்று கொள்வோம். எல்லாரும் அதை மூன்றால் வகுத்து மாதம் 287 ரூபாய் என்று நினைக்கிறார்கள். ஆனால் 84 நாள் மூன்று மாதம் ஆகாது. ஆண்டு முழுக்கக் கணக்கிட்டால் மாதத்துக்கு 311 ரூபாய் விழுகிறது. 28 நாள் திட்டத்திலும் இதே கதைதான், ஆண்டுக்கு 13 முறை கட்ட வேண்டும். நாளாக எழுதிவிட்டால் 28, 30, 84, 365 எல்லாவற்றையும் ஒரே சூத்திரம் மாதச் செலவாக மாற்றித் தரும். இது G2 கட்டத்துக்கு:

```
=D2/E2*365/12
```

அடுத்த தேதிக்கு மட்டும் சூத்திரம் போட வேண்டாம் என்பேன். தேதி தானாக அடுத்த மாதத்துக்கு நகரும்படி செய்வது எளிதுதான். அப்படிச் செய்தால் யாரும் எதையும் பார்க்காமலேயே பட்டியல் சுத்தமாகத் தோன்றும். பணம் போன பிறகு, போன தொகையைப் பார்த்துவிட்டு, அடுத்த தேதியைக் கையால் எழுத வேண்டும். பழைய தேதி அப்படியே இருந்தால் அந்த வரியைப் பார்க்கவில்லை என்று பொருள். சத்தமில்லாமல் விலை ஏறியிருந்தாலும் இந்த நேரத்தில்தான் கண்ணில் படும்.

பட்டியலின் உயிர் H கட்டத்தில் இருக்கிறது. பலரும் அதில் "ஓடுகிறது", "ரத்து" என்று இரண்டே சொல் வைத்துக்கொள்கிறார்கள். ரத்து என்பது ஒரே நாளில் முடியும் காரியமல்ல. நான்கு நிலை வையுங்கள்: ஓடுகிறது, வேண்டாம், ரத்து செய்தோம், நின்றது. வீட்டில் பேசி முடிவெடுத்தால் "வேண்டாம்". சேவையிலும் மேன்டேட்டிலும் ரத்து செய்து, அந்தத் திரையைப் படம் பிடித்து வைத்த பிறகு "ரத்து செய்தோம்". அடுத்த பிடித்தத் தேதி கடந்து, ஸ்டேட்மென்ட்டில் அந்தத் தொகை வரவில்லை என்று கண்ணால் பார்த்த பிறகுதான் "நின்றது". மொத்தச் செலவையும் அதற்கேற்பக் கூட்ட வேண்டும்:

```
=SUM(G:G)-SUMIF(H:H,"நின்றது",G:G)
```

நிற்கும் வரை செலவாகவே கணக்கில் நிற்கும். "வேண்டாம்" என்று எழுதியதாலேயே கூட்டுத்தொகை குறைந்துவிடாது. வீடுகளில் பல சந்தாக்கள் மாதக்கணக்கில் சிக்கிக் கிடப்பது இந்த இரண்டாவது நிலையில்தான்.

ரத்து செய்வதில் எதை முதலில் செய்வது என்பதும் முக்கியம். சேவைக்குள் போய் ரத்து செய்வது ஒன்று, வங்கி அனுமதியை விலக்குவது இன்னொன்று. ஆண்ட்ராய்டில் பிளே ஸ்டோர் வழியாக எடுத்ததென்றால், ஸ்டோரில் நம் படத்தைத் தொட்டு `Payments & subscriptions` என்பதற்குள் `Subscriptions` பகுதியில் பார்க்கலாம். ஐபோனில் செட்டிங்ஸில் நம் பெயரைத் தொட்டால் `Subscriptions` இருக்கும். பெரியவரின் ஜோசியச் செயலி அங்கே இல்லை, ஏனென்றால் அது நேராக யுபிஐ வழியாக எடுத்தது. அதைத் தேட வேண்டிய இடம் அவருடைய யுபிஐ செயலியில் உள்ள `Autopay` பகுதி. எந்த யுபிஐ செயலி வழியாக அனுமதி கொடுத்தாரோ அதிலேயே முதலில் பார்க்க வேண்டும். கார்டு வழியென்றால் வங்கியின் நெட் பேங்கிங்கில் நிலையான உத்தரவுகள் இருக்கும் பக்கத்தில் தெரியும்.

முன்பணம் வாங்கிக்கொண்டு தரும் சேவைக்கு மேன்டேட்டை மட்டும் விலக்கினாலே பெரும்பாலும் அது தானாக நின்றுவிடும். வீட்டு இணைய இணைப்பு போலப் பயன்படுத்திய பின் பில் வரும் சேவையில் அப்படிச் செய்தால் பில் சேர்ந்துகொண்டே போகும், பிறகு பாக்கி என்று அழைப்பு வரும். அங்கே இணைப்பைத் துண்டிக்கச் சொல்லி, ஒப்புகை எண் வாங்கிய பிறகே மேன்டேட்டைத் தொட வேண்டும். ஒன்று எச்சரிக்க வேண்டும். ரத்து செய்ய வழி தெரியாமல் இணையத்தில் வாடிக்கையாளர் சேவை எண் தேடி அழைப்பவர்களைக் குறிவைத்தே போலி எண்கள் உலவுகின்றன. எண் வேண்டுமென்றால் செயலிக்குள்ளிருந்தோ பில்லிலிருந்தோ எடுங்கள். ரத்து செய்தும் பிடித்தம் தொடர்ந்தால், கையிலிருக்கும் திரைப்படத்தோடு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம்.

பாளையங்கோட்டை வீட்டில் வேறென்ன கிடைத்தது? பேத்தி ஏழாம் வகுப்பில் இருந்தபோது எடுத்த பயிற்சிச் செயலி ஒன்று ஆண்டுக்கு 3,600 ரூபாயைக் கிரெடிட் கார்டில் பிடித்துக்கொண்டே இருந்தது. மாதம் 149 ரூபாய்க்குத் தனியாகக் கட்டும் ஓடிடி, இணைய இணைப்புத் திட்டத்தோடு இலவசமாகவே சேர்ந்து வருகிறது. அந்த 299-ஐயும் சேர்த்தால் மாதம் 748 ரூபாய், ஆண்டுக்கு 8,976. மகனுடைய எஸ்ஐபியையும் வண்டிக் கடன் தவணையையும் மருமகள் இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. அது சரி. ஒன்று சேமிப்பு, மற்றொன்று கடன். மேன்டேட் பக்கத்தில் இவையும் சந்தாக்களோடு கலந்தே தெரியும் என்பதால், விலக்கும் பொத்தானை அழுத்துமுன் பெயரையும் தொகையையும் இருமுறை பார்க்க வேண்டும். தவணை மேன்டேட்டைத் தவறி விலக்கினால் அபராதம் வரும்.

மகனின் இரண்டு கணக்குகளிலும் மே மாதத்தில் தலா 436 ரூபாய் போயிருந்ததுதான் அவர்களைக் குழப்பியது. பிரதம மந்திரி ஜீவன் ஜோதி பீமா யோஜனாவின் ஆண்டுப் பிரீமியம் அது. இரண்டு லட்ச ரூபாய் ஆயுள் காப்பீடு, ஜூன் 1 முதல் மே 31 வரை செல்லும். மறந்துபோனது என்பதற்காக நிறுத்திவிடக் கூடாத பிடித்தம் இது. ஆனால் ஒருவர் ஒரு கணக்கு வழியாக மட்டுமே இதில் சேரலாம், இரண்டு முறை கட்டினாலும் காப்பீடு இரண்டு லட்சத்தைத் தாண்டாது. எனவே ஒரு கணக்கின் வரிக்கு நேரே "ஓடுகிறது" என்றும், மற்றதற்கு "வேண்டாம்" என்றும் மருமகள் எழுதினார். இதை நிறுத்த ஏப்ரலிலேயே வங்கிக் கிளைக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தக் கட்டத்தில் "நின்றது" என்று எழுத அடுத்த ஜூன் வரை காத்திருக்க வேண்டியதுதான்.