“என்ன ஆச்சு?” துக்க வீட்டில் எழும் கேள்வியும் பதிலும்

துக்கம் விசாரிக்க வருபவர் கையைப் பற்றிக்கொண்டு முதலில் கேட்பது பெரும்பாலும் “என்ன ஆச்சு?” என்பதுதான். எண்பது வயதில் படுக்கையில் கிடந்து போனவரின் வீட்டில் இந்தக் கேள்வியால் சங்கடம் இல்லை. “வயசாச்சு, ரெண்டு மாசமா சாப்பாடு இறங்கலை” என்று சொன்னால் கேட்டவரும் தலையசைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவார். நாற்பதுகளில் ஒருவர் இறந்திருந்தால், அதிலும் குடி, தற்கொலை, எச்.ஐ.வி., மனநோய் போல ஊர் வாய்க்கு அவலாகும் காரணம் ஒன்று இருந்தால், அதே கேள்வி முள்ளாகிவிடும். “நல்லாத்தானே இருந்தார்?” என்ற அடுத்த கேள்வியில் இரக்கத்தோடு சந்தேகமும் கலந்திருக்கும். அந்த நேரத்தில் தயாராக இல்லாத குடும்பம் ஒன்று எல்லாவற்றையும் கொட்டிவிடும், அல்லது வாய்க்கு வந்த பொய்யைச் சொல்லிவிடும். இரண்டுமே பின்னால் வருத்தம் தருபவை.

அப்படி வாய்க்கு வரும் பொய்களில் மாரடைப்புக்குத்தான் முதலிடம். அது திடீரென்று வருவது, யார் மேலும் பழி விழாதது, எல்லோரும் ஒப்புக்கொள்வது. ஆனால் இந்தப் பொய் பதினாறாம் நாளோடு முடிவதில்லை. இறந்தவரின் மகனுக்கு முப்பது வயதாகும்போது மருத்துவர், “குடும்பத்தில் யாருக்காவது சின்ன வயதில் மாரடைப்பு வந்திருக்கிறதா?” என்று கேட்பார். பொய்யை உண்மையென்று நம்பி வளர்ந்த மகன் “அப்பாவுக்கு நாற்பத்திரண்டு வயசில” என்பான். மருத்துவக் குறிப்பில் தவறான குடும்ப வரலாறு ஏறும். தேவையில்லாத கவலையும் பரிசோதனைகளும் ஒரு பக்கம். உண்மையில் கவனிக்க வேண்டிய குடியின் பக்கம் யார் பார்வையும் போகாது என்பது இன்னொரு பக்கம். போதாததற்கு மருத்துவமனையில் உடனிருந்த ஒருவர் வேறு ஒன்றைச் சொல்லியிருப்பார். இரண்டு கதைகள் மோதும் இடத்தில்தான் மூன்றாவது கதை பிறக்கிறது.

எனவே குடும்பம் தேட வேண்டியது பொய் கலக்காத சிறிய பதில். அதை எங்கிருந்து எடுப்பது என்பதற்கு மருத்துவர்கள் இறப்புக் காரணத்தை எழுதும் முறையே வழிகாட்டுகிறது. இந்தியாவில் மருத்துவமனையில் நிகழும் இறப்புக்குப் படிவம் 4 என்ற மருத்துவச் சான்று எழுதப்படுகிறது. வீட்டில் இறந்தவருக்கு, சிகிச்சை அளித்த மருத்துவர் எழுதுவது படிவம் 4ஏ. அதில் காரணம் அடுக்கடுக்காக இருக்கும். முதல் வரியில் உடனடிக் காரணம். அதன் கீழே, அதற்கு இட்டுச்சென்ற நோய். அதற்கும் கீழே எல்லாவற்றுக்கும் அடிப்படையானது. ‘இதயம் நின்றது’ என்பதைக் காரணமாக எழுதக்கூடாது என்று மருத்துவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப்படுகிறது. எந்த மரணத்திலும் இதயம் நிற்கத்தான் செய்யும்.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளலாம். கணவருக்கு நாற்பத்திரண்டு வயது. பல ஆண்டுக் குடியால் கல்லீரல் சுருங்கிப்போயிருந்தது. ஒரு நாள் இரவு ரத்த வாந்தி எடுத்தார். மருத்துவமனையில் சேர்த்த இரண்டாம் நாள் இறந்தார். படிவத்தின் முதல் வரியில் உணவுக்குழாயின் வீங்கிய ரத்தக்குழாய் வெடித்து ஏற்பட்ட ரத்தப்போக்கு இருக்கும். அடுத்த வரியில் கல்லீரல் சுருக்கம். அதற்கும் கீழே மது. துக்கம் விசாரிப்பவருக்கு முதல் வரியே போதும்: “வயித்துல ரத்தக்கசிவு ஆயிடுச்சு, ஆஸ்பத்திரியில எவ்வளவோ பார்த்தாங்க, காப்பாத்த முடியலை.” இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. நாளைக்கு யார் எதைச் சொன்னாலும் இது மாறத் தேவையில்லை. மகன் பெரியவனாகிக் கீழ் வரிகளைத் தெரிந்துகொள்ளும்போதும் அம்மா ஏமாற்றிவிட்டாள் என்று நினைக்கமாட்டான்.

அந்த வாக்கியத்தை யார் சொல்வது என்பதையும் முடிவு செய்தாக வேண்டும். கணவரை இழந்தவளிடம் வரும் ஒவ்வொருவரும் அதே கேள்வியைக் கேட்டால் அவள் அந்த இரவை நாளுக்கு நாற்பது முறை வாழ வேண்டியிருக்கும். வாசலில் நிற்கும் மைத்துனரோ தாய்மாமனோ வருபவரை உள்ளே விடும்போதே அந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டால், “உள்ள அவகிட்ட எதுவும் கேக்க வேண்டாம் அத்தை, பக்கத்துல கொஞ்ச நேரம் உக்காருங்க” என்றும் சேர்த்துச் சொல்ல முடியும். வீட்டில் பேசக்கூடிய எல்லோரும், வயதான பாட்டி உட்பட, அதே வாக்கியத்தைச் சொல்ல வேண்டும். பாட்டியைச் சேர்ப்பதற்குக் காரணம் உண்டு: நம் ஊர் ஒப்பாரியில் சாவு வந்த விதமும் பாட்டாகி வெளியே வந்துவிடும். அழுகையை யாரும் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. ஆனால் அழுது ஓய்ந்தபின் தனியாக விசாரிக்கிறவரிடம் என்ன சொல்வது என்பதைப் பாட்டியிடம் முன்பே பேசிவைக்கலாம்.

முதல் பதிலோடு அடங்காதவர்களும் உண்டு. “குடிப்பாரோ?” என்று நேரடியாகவே கேட்பார்கள். அதற்கு “இல்லை” என்று சொன்னால் பொய். “ஆமாம்” என்றால் அடுத்த கேள்வி தயார். “அதைப் பத்தி இப்ப பேசற மனநிலை இல்லை சித்தப்பா” என்று சொல்லி நிறுத்துவது மரியாதைக் குறைவு ஆகாது. அதற்கு மேல் காரணம் சொல்லத் தொடங்கினால்தான் பேச்சு நீளும். இன்னொரு வழி, கேள்வியை நினைவின் பக்கம் திருப்புவது: “நீங்க அவரைக் கடைசியா எப்பப் பார்த்தீங்க?” பெரும்பாலானவர்கள் அங்கே கரைந்துவிடுவார்கள், தாங்கள் கண்ட திருவிழாவையோ கல்யாணத்தையோ சொல்லத் தொடங்குவார்கள். உண்மையான துக்கத்தோடு வந்தவருக்கு அந்த இடம்தான் வேண்டியிருந்தது. மூன்றாம் முறையும் கேட்பவருக்கு அதே வாக்கியத்தை அதே தொனியில் திரும்பச் சொன்னால் போதும், புதிய சொல் ஒன்றும் சேர்க்க வேண்டாம்.

செய்தி பெரியவர்கள் வழியாக மட்டும் வெளியே போவதில்லை. கேட்கத் துணியாதவர்கள் குழந்தையைத் தனியாக அழைத்து “அப்பாவுக்கு என்னம்மா ஆச்சு?” என்பார்கள். குழந்தைக்கு அதன் வயதுக்கேற்ற உண்மையைப் பெரியவர்களே முதலில் சொல்லியிருக்க வேண்டும். ‘தூங்குகிறார்’ என்று சொன்னால் சின்னக் குழந்தை தூங்கவே பயப்படும். கூடவே “யார் கேட்டாலும் அம்மாகிட்ட கேளுங்கன்னு சொல்லு, நீ பதில் சொல்ல வேண்டியதில்லை” என்று சொல்லிவைத்தால் பள்ளியிலும் அது உதவும். அடுத்தது காகிதங்கள். மருத்துவமனை தந்த பிளாஸ்டிக் பையில் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, சிகிச்சைச் சுருக்கம் எல்லாம் கிடக்கும். சிதைக்குத் தீ வைக்கும் முன்பே அதில் ஒன்று படமெடுக்கப்பட்டுக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போய்விடுவதுண்டு. அந்தப் பை அன்றைக்கே நம்பகமான ஒருவர் பொறுப்பில் பீரோவுக்குள் போக வேண்டும்.

காரணத்தை எல்லா அலுவலகத்துக்கும் சொல்ல வேண்டியிருக்கும் என்று பல குடும்பங்கள் அஞ்சுகின்றன. அந்த அச்சம் தேவையில்லை. இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். பதிவேட்டில் காரணம் எழுதப்படும். ஆனால் 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், பதிவேட்டிலிருந்து வழங்கப்படும் இறப்புச் சான்றில் காரணம் இடம்பெறக்கூடாது என்கிறது. வங்கிக் கணக்குக்கும் வாரிசுச் சான்றிதழுக்கும் பட்டா மாற்றத்துக்கும் கொடுக்கப்படுவது அந்தச் சான்றுதான். அதை வாங்கிப் பார்க்கும் எழுத்தருக்குக் காரணம் தெரிய வழியில்லை, அவர் வாய்மொழியாகக் கேட்டாலும் சொல்ல வேண்டியதில்லை.

முழு உண்மை யாருக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது தனிக் கணக்கு. பதிவாளருக்கும், விசாரணை நடந்தால் காவல்துறைக்கும், காப்பீட்டுத் தொகை கோரினால் அந்த நிறுவனத்துக்கும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வாசலில் சொன்ன மாரடைப்புக் கதையை யாராவது படிவத்திலும் எழுதிவிட்டால் மருத்துவமனைப் பதிவோடு முரண்பட்டு, தொகை சிக்கிக்கொள்ளும். அடுத்தவர்கள் ரத்த உறவினர். பரம்பரையாக வரும் இதய நோயோ, சில வகை மார்பகப் புற்றுநோயோ காரணமாக இருந்தால் உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் தெரிந்துகொண்டே ஆக வேண்டும், பரிசோதனை அவர்கள் உயிரைக் காக்கக்கூடும். காசநோய் என்றால் ஒரே வீட்டில் இருந்தவர்களுக்குச் சோதனை தேவை; எச்.ஐ.வி. என்றால் மனைவிக்கோ கணவருக்கோ தேவை. இவர்களிடம் முதல் வரியோடு நிறுத்திக்கொள்வது தவறு. பல ஆண்டு கழித்துக் கல்யாணப் பேச்சில் “அப்பா எப்படி இறந்தார்?” என்ற கேள்வி திரும்ப வரும். தரகரிடம் விவரிக்கத் தேவையில்லை. பிள்ளைகளுக்கு வரக்கூடிய பரம்பரை நோய் என்றால் மட்டும் மணம் செய்யப்போகிறவரிடம் நேரடியாகச் சொல்வது நியாயம்.

தற்கொலையில் இந்த முறையே சற்று மாறுகிறது. அங்கே காவல்துறை வரும், பிரேதப் பரிசோதனை நடக்கும், தெருவுக்கே தெரிந்துவிடும். அப்போது “வயித்து வலி” என்பது எடுபடாது, சொன்னவர் மேல்தான் சந்தேகம் விழும். “அவரே தன் உயிரை எடுத்துக்கிட்டார், எங்களுக்கும் தாங்க முடியலை” என்பது வரை சொல்லலாம். எந்த முறையில், எந்த இடத்தில், கடிதத்தில் என்ன என்பவற்றைச் சொல்லவே கூடாது. குடும்பத்தின் அந்தரங்கம் ஒருபுறமிருக்க, முறையை விவரிப்பது ஏற்கெனவே மனம் உடைந்திருக்கும் இன்னொருவருக்கு வழிகாட்டிவிடும். உலக சுகாதார நிறுவனம் ஊடகங்களுக்குச் சொல்லும் எச்சரிக்கையும் இதுதான். “ஏன் செஞ்சார்?” என்பதற்கும் ஒற்றைக் காரணம் சொல்லக்கூடாது. கடன், மனைவி, தேர்வு என்று எதைச் சொன்னாலும் உயிரோடு இருக்கும் ஒருவர் மேல் பழி போய் விழும். அந்த வீட்டில் மிஞ்சியிருப்பவர்களுக்கும் உதவி தேவைப்படும். டெலிமானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் 14416. அதில் தமிழிலும் பேசலாம்.

இவ்வளவும் கேள்வி வந்தபின் செய்ய வேண்டியவை. கேள்வியே வராமல் செய்வது துக்கம் விசாரிக்கப் போகிறவர் கையில் இருக்கிறது. அடுத்த முறை ஒரு துக்க வீட்டுக்குள் நுழையும்போது, “என்ன ஆச்சு?” என்று கேட்காமல் கையை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். சொல்ல வேண்டும் என்று தோன்றினால் அவர்களே சொல்வார்கள்.