கைமாறும் பொறுப்பு, விட்டுப்போகும் விவரம்

1988 ஜூலை 6. ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகருக்கு வடகிழக்கே, வட கடலில் நின்றிருந்த பைப்பர் ஆல்பா எண்ணெய் மேடையில் பகல் ஷிப்ட் முடிந்து இரவு ஷிப்ட் தொடங்கியது. எரிவாயுவிலிருந்து பிரியும் திரவத்தைக் குழாயில் தள்ள அங்கே இரண்டு பம்புகள் இருந்தன. அவற்றில் 'ஏ' பம்பைப் பழுதுபார்க்க ஓர் அனுமதிச் சீட்டு எழுதப்பட்டிருந்தது; வேலை தொடங்கவில்லை. அதே பம்பின் பாதுகாப்பு வால்வைச் சோதனைக்குக் கழற்ற இன்னொரு சீட்டு. வால்வைக் கழற்றியவர்களால் மாலைக்குள் அதைத் திரும்ப மாட்ட முடியவில்லை. திறந்திருந்த குழாய் வாயில் ஒரு தகட்டை வைத்து மூடிவிட்டுப் போனார்கள்.

இரவு 9.45 மணி வாக்கில் 'பி' பம்பு நின்றது. திரும்ப ஓட மறுத்தது. இரவு ஷிப்டில் இருந்தவர்கள் 'ஏ' பம்பைப் பற்றி விசாரித்தபோது, பழுதுபார்ப்பு இன்னும் தொடங்கவில்லை என்ற தகவல் கிடைத்தது. அப்படியானால் ஓட்டலாம் என்று நினைத்தார்கள். வால்வு கழற்றப்பட்டதைச் சொல்லும் இரண்டாவது சீட்டு அவர்கள் கண்ணில் படவில்லை. ஷிப்ட் மாறும்போது யாரும் வாயாலும் சொல்லவில்லை. தகட்டின் இடுக்கில் கசிந்த எரிவாயு 10 மணி அளவில் வெடித்தது. 167 பேர் இறந்தார்கள். விபத்தை விசாரித்த கல்லன் பிரபு 1990இல் அளித்த அறிக்கையில், பெரும்பாலும் நடந்திருக்கக்கூடியது இதுவே என்று முடிவு செய்தார்.

எழுதப்பட வேண்டியது அங்கே எழுதப்பட்டுத்தான் இருந்தது. ஆனால் அடுத்து வருபவர் தேடும் இடத்தில் இல்லை. பம்பு இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதை ஒரே பார்வையில் காட்டவும் இல்லை. அலுவலகங்களில் வேலையை ஒப்படைக்கும்போது எழுதப்படும் குறிப்புகளும் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகின்றன.

நிலுவை என்ற ஒற்றைச் சொல் போதாது

ஒரு மொத்த வியாபார நிறுவனத்தின் கணக்காளர் வேலையை விட்டுப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒப்படைப்புத் தாளில் "ஜிஎஸ்டி தாக்கல், சப்ளையர் பாக்கி, வங்கிக் கணக்குச் சரிபார்ப்பு" என்று அவர் எழுதினால், அது வேலைகளின் பெயர்ப் பட்டியல். புதிதாக வருபவருக்கு அந்தப் பெயர்கள் முன்பே தெரியும். அவருக்குத் தெரியாதது, ஒவ்வொரு வேலையும் எங்கே நிற்கிறது என்பது.

"சென்ற மார்ச்சில் ஒரு சப்ளையர் கொடுத்த பில்லை அவர் தன் ரிட்டனில் ஏற்றவில்லை. அதனால் அந்த வரி நம்முடைய ஜிஎஸ்டிஆர்-2பியில் வரவில்லை. நாமும் வரவு எடுக்கவில்லை. இரண்டு முறை மெயில் அனுப்பியாகிவிட்டது, பதில் இல்லை. இந்த நவம்பர் 30 தாண்டினால் அந்த வரி வரவு கிடைக்காது. பில் தொகை கொடுத்தாயிற்று, வரியை மட்டும் நிறுத்தி வைத்திருக்கிறோம். கேட்டாலும் கொடுக்க வேண்டாம்."

இப்படி எழுதினால் புதியவர் முதல் நாளே வேலையில் இறங்கலாம். வேலை எதுவரை வந்திருக்கிறது, யாருடைய பதிலுக்காக நிற்கிறது, எந்தத் தேதி தாண்டக் கூடாது, எதைச் செய்யக் கூடாது என்ற நான்கும் இதில் இருக்கின்றன. நான்காவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பைப்பர் ஆல்பாவில் இரவு ஷிப்டுக்குக் கிடைக்காமல் போனதும் "இந்தப் பம்பை ஓட்டாதே" என்ற அந்த ஒரு வரிதான்.

சாவி யார் கையில்?

2008இல் சான் பிரான்சிஸ்கோ மாநகராட்சியின் கணினி வலையமைப்பைப் பராமரித்த பொறியாளர் ஒருவர், அதன் கடவுச்சொற்களைத் தர மறுத்ததால் கைதானார். வலையமைப்பு நிற்கவில்லை, ஆனால் அதன் நிர்வாகம் முழுவதும் அந்த ஒருவரிடம்தான் இருந்தது. கடைசியில் மேயர் கேவின் நியூசம் சிறைக்கே நேரில் போய்க் கடவுச்சொற்களை வாங்கி வந்தார்.

நம் ஊர் நிறுவனங்களில் இப்படி வீம்பு பிடிப்பவர்கள் அரிது. சிக்கல் வேறு வழியில் வரும். ஜிஎஸ்டி இணையதளத்தில் பதிவாகியிருப்பது பழைய கணக்காளரின் சொந்தக் கைபேசி எண். அவர் போன பிறகும் கடவுச்சொல் வேலை செய்கிறது, எல்லாம் சரியாக இருப்பது போலவே தெரிகிறது. மாதாந்தரத் தாக்கல் செய்பவர்களுக்கு ஜிஎஸ்டிஆர்-3பியின் கெடு அடுத்த மாதம் 20ஆம் தேதி. அன்று மாலை தாக்கலை உறுதி செய்யும் ஓடிபி பழையவரின் கைபேசிக்குப் போகிறது, அவர் எடுக்கவில்லை. மறுநாளிலிருந்து நாளுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், கட்ட வேண்டிய வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. கடவுச்சொல்லும் கையில் இல்லையென்றால், ஆவணங்களோடு வரி அலுவலகத்தில் விண்ணப்பித்துத்தான் எண்ணை மாற்ற வேண்டும்.

ஆகவே அணுகல் பட்டியலில் கணக்கின் பெயரோடு, ஓடிபி எந்த எண்ணுக்கு வருகிறது, மீட்பு மெயில் எது, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் யாரிடம் இருக்கிறது, அது எப்போது காலாவதியாகிறது, வங்கியில் யாருடைய கையெழுத்து செல்லும் என்பதெல்லாம் இருக்க வேண்டும். கடவுச்சொல்லை அந்தத் தாளில் எழுதக் கூடாது. தாள் பலர் கைக்குப் போகும். எண்ணும் மெயிலும் நிறுவனத்துக்குச் சொந்தமானவையாக மாறிய பின், பழையவரின் அனுமதியை அவருடைய கடைசி நாளில் நீக்கிவிட வேண்டும். பின்னால் ஏதாவது தவறு நடந்தால் வீண் சந்தேகத்திலிருந்து அவரையும் அது காக்கும்.

ஏன் என்பதும் எழுத்தில் வேண்டும்

அமெரிக்காவில் 'ஃபாக்பேங்க்' என்ற ரகசியப் பொருளை அணு ஆயுதங்களுக்காக 1989 வரை தயாரித்தார்கள். 2000க்குப் பிறகு பழைய ஆயுதங்களைப் புதுப்பிக்க அது மறுபடியும் தேவைப்பட்டது. பதிவேடுகள் சொற்பமே இருந்தன. செய்தவர்களில் ஏறத்தாழ எல்லோரும் ஓய்வு பெற்றோ விலகியோ போயிருந்தார்கள். புதிதாகத் தயாரித்ததில் குறை தெரிந்தது. கடைசியில் கண்டுபிடித்த காரணம் வியப்பானது: பழைய மூலப்பொருளில் இருந்த ஒரு கலப்புதான் அந்தப் பொருளுக்கு அதன் தன்மையைக் கொடுத்திருந்தது. புதிய முறை அதைச் சுத்தமாக நீக்கிவிட்டது. இந்தச் சிக்கலைத் தீர்க்க 6.9 கோடி டாலர் செலவானது.

அந்தக் கலப்பின் முக்கியத்துவம் முதலில் செய்தவர்களுக்கே தெரியாது. நிறுவன நினைவில் ஒரு பகுதி எப்போதும் இப்படித்தான், யாரும் அறிவென்று எண்ணாத பழக்கமாக இருக்கும். அதனால் "என்ன செய்கிறோம்" என்பதோடு "எதை வைத்து, எந்த வரிசையில், ஏன்" என்பதையும் எழுத வேண்டும். சப்ளையரின் வரியை நிறுத்தி வைக்கும் பழக்கத்துக்குக் காரணம் எழுதப்படவில்லை என்றால், பாக்கியைப் பார்க்கும் புதியவர் நல்லெண்ணத்தோடு அதைக் கொடுத்துவிடுவார்.

குறிப்பு சரியாக இருக்கிறதா என்று எழுதியவரால் சொல்ல முடியாது. விட்டுப்போனது அவர் தலைக்குள் இருக்கிறது. எனவே பழையவர் பக்கத்தில் இருக்கும்போதே, புதியவர் குறிப்பை மட்டும் பார்த்து ஒரு மாதக் கணக்கை முடித்துப் பார்க்க வேண்டும். அவர் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் குறிப்பில் இல்லாத ஒரு வரி. அதை உடனே சேர்த்துவிடலாம்.

திடீரென விலகுபவருக்கும், நோயில் விழுபவருக்கும் இந்த அவகாசம் கிடையாது. ஆகவே ஒப்படைப்புக் குறிப்பை விலகும் வாரத்தில் எழுதத் தொடங்காமல், மாதம் ஒரு முறை புதுப்பிக்கும் கோப்பாகவே வைத்திருப்பது நல்லது. நிறுவனம் நடத்துபவர்கள் இந்த வாரமே ஒன்றைப் பார்த்துவிடுங்கள்: உங்கள் ஜிஎஸ்டி, பிஎஃப், வங்கிக் கணக்குகளின் ஓடிபி யாருடைய கைபேசிக்குப் போகிறது?