ரத்த அழுத்தம் இறங்கினால் மார்க்கு ஏறும்!

பள்ளிக்கூடத்தில் மார்க்கு கூடினால் சந்தோஷம். ஆஸ்பத்திரியில் மார்க்கு கூடினால் ஆபத்து!

ஆம்! இங்கிலாந்து நாட்டு ஆஸ்பத்திரிகளில் படுத்திருக்கும் ஒவ்வொரு நோயாளிக்கும் நர்சுகள் மார்க்கு போடுகிறார்கள். நோயாளி எவ்வளவு ஆபத்தில் இருக்கிறார் என்பதை அது காட்டுகிறது.

1997-ம் ஆண்டில் இந்த யோசனை அங்கே பிறந்தது. முதலில் ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி கணக்கு மாறுபட்டது. 2012-ம் ஆண்டில் ராயல் வைத்தியர் கல்லூரி நாடு முழுவதற்கும் ஒரே அட்டவணையை வகுத்தது. 2017-ம் ஆண்டில் அதைத் திருத்தியது.

மார்க்கு போடுவது எப்படி?

மூச்சு, ரத்தத்தில் உள்ள பிராணவாயு, ரத்த அழுத்தம், நாடி, நினைவு, உடல் சூடு ஆகிய ஆறையும் நர்சு பார்க்கிறார். எல்லாம் சரியாக இருந்தால் பூஜ்யம். எது எவ்வளவு விலகுகிறதோ, அதற்கு 1 முதல் 3 வரை மார்க்கு. பிராணவாயு கொடுக்கப்பட்டு வந்தால், மேலும் 2 மார்க்கு.

ரத்த அழுத்தத்தில் இரண்டு எண்கள் உண்டு அல்லவா? இருதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும்போது இருக்கும் மேல் எண்ணுக்குத்தான் மார்க்கு. 111 முதல் 219 வரை பூஜ்யம். 101 முதல் 110 வரை 1. 91 முதல் 100 வரை 2. 90-ம் அதற்குக் கீழும் 3.

"200 இருந்தால்கூடப் பூஜ்யமா?" என்று கேட்பீர்கள். அதற்கு வைத்தியம் வேண்டியதுதான். ஆனால் இந்த அட்டவணை தேடுவது, உடல்நிலை திடீரெனச் சரிவதை. அதற்கு அழுத்தம் இறங்குவதே பெரிய அடையாளம்.

ஒரு நோயாளியின் கதை

உதாரணமாக, 62 வயதுக்காரர் ஒருவருக்குக் குடலில் ஆபரேஷன் நடந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

காலை 10 மணி: அழுத்தம் 128, நாடி 84, மூச்சு நிமிடத்துக்கு 16. மார்க்கு பூஜ்யம்.

பகல் 2 மணி: அழுத்தம் 112, நாடி 96. நாடிக்கு மட்டும் 1 மார்க்கு. 4 முதல் 6 மணி நேரத்துக்குள் மறுபடி பார்க்க வேண்டும்.

மாலை 6 மணி: அழுத்தம் 104, நாடி 114, மூச்சு 22. அவர் தெளிவாகப் பேசுகிறார். "லேசான களைப்புதான்" என்கிறார். ஆனால் கணக்கு என்ன சொல்கிறது? அழுத்தத்துக்கு 1, நாடிக்கு 2, மூச்சுக்கு 2. மொத்தம் 5!

5 வந்தால் நர்சு சும்மா இருக்கக் கூடாது. டாக்டரை அவசரமாக அழைக்க வேண்டும். மணிக்கு ஒரு தடவையாவது சோதிக்க வேண்டும். டாக்டர் வருகிறார். வயிற்றைத் தொட்டுப் பார்க்கிறார். சோதனைக்கு ரத்தம் எடுக்கிறார். நரம்பு வழியே 500 மில்லி உப்புத் திரவத்தை 15 நிமிடத்துக்குள் ஏற்றச் சொல்கிறார்.

இரவு 7 மணி: அழுத்தம் 88, நாடி 118, மூச்சு 24. மொத்தம் 7. இது அபாயச் சங்கு! தீவிர சிகிச்சை டாக்டர்கள் படுக்கைக்கு ஓடி வருகிறார்கள். ஆபரேஷன் செய்த டாக்டரும் வருகிறார். வயிற்றுக்குள்ளே ரத்தம் கசிவது தெரிகிறது. ரத்தம் ஏற்றி, மறுபடியும் ஆபரேஷனுக்குக் கொண்டு போகிறார்கள்.

முதலில் ஓடுவது நாடி

ரத்தம் குறைந்தால் அழுத்தம் உடனே இறங்குவதில்லை. ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. இருதயம் வேகமாக அடிக்கிறது. இப்படி உடல் சமாளித்துக்கொண்டே இருக்கும். சமாளிக்க முடியாதபோதுதான் அழுத்தம் சரியும். பகல் 2 மணிக்கே நாடி வேகம் எடுத்ததைக் கவனித்தீர்களா? எல்லாவற்றையும் கூட்டிப் பார்ப்பதன் பலன் அதுதான்.

அட்டவணை ஏமாறும் இடம்

எப்போதும் 160 அழுத்தம் உள்ளவருக்கு 115 ஆனால் அது பெரிய சரிவு. ஆனால் மார்க்கு பூஜ்யம்! நாடியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு, ரத்தம் கசிந்தாலும் நாடி ஏறாமல் இருக்கலாம். மெலிந்த இளம் பெண்ணுக்கோ 98 என்பது வழக்கமான அழுத்தமாக இருக்கும். அவருக்கு வீணாக 2 மார்க்கு விழும். 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இந்த அட்டவணை பொருந்தாது.

மூச்சை எண்ணாமல், குத்துமதிப்பாக "16" என்று எழுதிவிட்டாலும் கணக்கு கெட்டுவிடும். நம் நோயாளிக்கு 6 மணிக்கு அப்படி எழுதியிருந்தால், மார்க்கு 5 அல்ல, 3 தான். டாக்டரை அவசரமாக அழைத்திருக்க மாட்டார்கள்.

ஆகையால் மார்க்கு என்னவாக இருந்தாலும், நோயாளியைப் பார்த்துக் கவலைப்படும் நர்சு டாக்டரை அழைக்கலாம் என்பதும் விதி. "இவர் வழக்கம்போல் இல்லையே!" என்று வீட்டார் சொல்வதையும் தள்ளிவிடக் கூடாது. அவருடைய வழக்கமான அழுத்தம் என்ன என்பது அட்டவணைக்குத் தெரியாது. வீட்டாருக்குத் தெரியும்!