டைல்ஸ் சுவரிலிருந்து காலண்டரை எடுப்பது எப்படி?

வாடகைக்கு விடப்போகும் வீட்டின் சமையலறையைப் படம் எடுத்தாயிற்று. டைல்ஸ் சுவரில் தொங்கும் பழைய காலண்டர் மட்டும் படத்தில் வேண்டாம். போட்டோஷாப்பில் குளோன் ஸ்டாம்ப்பை எடுத்துப் பக்கத்துச் சுவரை அதன்மேல் தேய்க்கிறோம். காலண்டர் மறைந்துவிடுகிறது, ஆனால் அங்கே ஏதோ இருந்தது என்று பார்ப்பவருக்கு உடனே தெரிந்துவிடுகிறது.

புல்தரையில் இப்படித் தேய்த்தால் யாருக்கும் தெரியாது. டைல்ஸில் தெரியும், ஏனென்றால் ஜாயின்ட் கோடு அடுத்து எங்கே வர வேண்டும் என்று கண் முன்கூட்டியே எதிர்பார்க்கிறது. கோடு இரண்டு பிக்ஸல் விலகினாலும் உறுத்தும். மென்மையான பிரஷ் இன்னும் மோசம். அதன் மங்கலான ஓரம் கோட்டின்மேல் விழும்போது பழைய கோடும் புதிய கோடும் கலந்து இழுத்துவிட்டதுபோல ஆகிவிடும். 2010-இல் வந்த கன்டென்ட் அவேர் ஃபில் பல படங்களில் நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் அது ஒத்த துண்டுகளைத் தேடி ஒட்டுகிறதே தவிர, டைல்ஸை எண்ணுவதில்லை. அதனால் சாய்வாக எடுத்த சுவரில் அரை டைல் அகலத்தில் ஒரு துண்டை அது எளிதாக உருவாக்கிவிடும்.

எனவே தேய்ப்பதை விட்டுவிட்டு, முழு டைல்ஸாக எடுத்து வைப்பதே சரி. காலண்டர் இரண்டு டைல் அகலத்தையும் மூன்று டைல் உயரத்தையும் தொடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் நிழல் பக்கத்து டைலில் விழுந்திருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். காலண்டரை எடுத்துவிட்டு நிழலை விட்டுவைத்த படங்கள் ஏராளம். ஆக, மூன்றுக்கு மூன்று டைல்ஸ் தேவை.

அதை எங்கிருந்து எடுப்பது? பெரும்பாலானோர் இடமோ வலமோ போவார்கள். நான் மேலோ கீழோ போகச் சொல்வேன். இடப்பக்க ஜன்னலிலிருந்து வெளிச்சம் வருகிறது, சுவர் வலப்பக்கம் பின்வாங்கிப் போகிறது என்றால், வலப்பக்கம் போகப் போக டைல்ஸ் இருண்டுகொண்டும் குறுகிக்கொண்டும் போகும். அதே நெடுவரிசையில் கீழே உள்ள டைல்ஸின் அகலமும் வெளிச்சமும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். படுக்கைக் கோடுகளின் சாய்வு மட்டுமே மாறும்.

கீழே உள்ள மூன்றுக்கு மூன்றை, ஜாயின்ட் கோடுகளின் நடுவோடு தேர்ந்தெடுத்து Ctrl+J அழுத்தினால் தனி லேயராக வந்துவிடும். அதைக் காலண்டர்மேல் நகர்த்தி, லேயரின் பிளென்ட் மோடை Difference என்று மாற்ற வேண்டும். இரண்டு லேயரும் ஒன்றிப்போகும் இடம் கறுப்பாகும். விலகிய கோடு வெளிச்சமாக மின்னும். Ctrl+T அழுத்தி, பிறகு Ctrl விசையைப் பிடித்தபடி மூலைகளை ஒவ்வொன்றாக இழுத்து, காலண்டரைச் சுற்றி வெளியே தெரியும் கோடுகள் கறுப்பாகும்வரை பொருத்தலாம். பிறகு மோடை Normal-க்குத் திருப்பிவிட வேண்டும். ஒட்டு விழும் இடமும் ஜாயின்ட் கோட்டின் நடுவிலேயே இருப்பதால் அது கண்ணில் படாது. அங்கே ஏற்கெனவே ஒரு கோடு இருக்கிறதல்லவா!

கோணம் மிகவும் சாய்வாக இருந்தால் Filter > Vanishing Point உதவும். ஜாயின்ட் சந்திப்புகள் நான்கைக் கிளிக் செய்தால் அது சுவரின் தளத்தைப் புரிந்துகொள்ளும். வலை நீலமாக இருந்தால் சரி, சிவப்பானால் மூலைகளைத் திருத்த வேண்டும். அதற்குள் Alt பிடித்து இழுக்கும் துண்டு, தூரத்துக்கு ஏற்பத் தானே சுருங்கும். மொபைலின் அகலக் கோண லென்ஸில் எடுத்த படத்தில் கோடுகளே வளைந்திருக்கலாம். அப்போது மூலைகள் பொருந்தினாலும் நடுவில் விலகும். முதலில் Lens Correction போட்டுவிடுவது நல்லது.

பூப்போட்ட டைல் மூன்றுக்கு ஒன்றாக வந்தால், நகர்த்தும் தூரமும் மூன்றின் மடங்காக இருக்க வேண்டும். செங்கல் சுவரில் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை அரைக்கல் தள்ளி அமைவதால், மேலே கீழே நகர்த்தும்போது இரண்டிரண்டு வரிசையாகவே போக வேண்டும்.

கடைசியில் காட்டிக்கொடுப்பது கோடல்ல, கறை. மூலத் துண்டில் ஒரு டைலில் எண்ணெய்ப் பிசுக்கோ கீறலோ இருந்தால் அதே கறை மேலே இன்னொரு முறை வந்திருக்கும். நகலில் உள்ளதை ஹீலிங் பிரஷால் அழிக்கலாம், ஆனால் டைலின் நடுப்பகுதியில் மட்டும். அது சுற்றியுள்ள நிறத்தைக் கலக்கும் கருவி. ஜாயின்ட் கோட்டுக்கு அருகே போனால் கோட்டின் கருமையை டைலுக்குள் இழுத்துவிடும். பளபளப்பான டைலில் விளக்கின் ஒளி பட்டிருந்தால் அந்த டைலை நகலெடுக்கவே கூடாது, ஏனென்றால் ஒரு விளக்கின் பிரதிபலிப்பு இரண்டு இடத்தில் தெரியாது.

கம்பி வேலிக்கு இந்த முறை அவ்வளவு கைகொடுக்காது. வேலி திரும்பத் திரும்ப வருகிறது. அதன் கண்ணிகளுக்குள் தெரியும் மரமும் தெருவும் திரும்ப வருவதில்லை. துண்டை நகர்த்தினால் பின்னால் நிற்கும் மரத்தின் பாதியும் கூடவே வந்துவிடும். அங்கே கம்பியை மட்டும் தனியாக வெட்டியெடுத்து ஒரு லேயரிலும், பின்னணியை இன்னொரு லேயரிலும் அமைத்தாக வேண்டும். வேலை இரட்டிப்பாகும்.