சிலிக்கோன் படிவு: கண்டிஷனர் ஏற்றுவதும் ஷாம்பு இறக்குவதும்

கண்டிஷனர் போட்டு அலசிய முடி வழவழப்பாக இருக்கிறது, சீப்பு சிக்காமல் இறங்குகிறது என்றால், பல தயாரிப்புகளில் அதற்குப் பெரிய காரணம் சிலிக்கோன். கணினிச் சில்லுகளில் இருக்கும் சிலிக்கான் ஒரு தனிமம்; சிலிக்கோன் அதிலிருந்து தயாராகும் சேர்மம். சிலிக்கான், ஆக்சிஜன் அணுக்கள் மாறி மாறிக் கோத்த நீண்ட சங்கிலியே அதன் முதுகெலும்பு. அந்தச் சங்கிலி எளிதாக வளைந்து நெளியும். சிலிக்கோனின் பரப்பு இழுவிசையோ தண்ணீரினுடையதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அதனால் ஒரு துளி பட்டாலே முடியின் மேல் மெல்லிய படலமாகப் பரவிவிடுகிறது.

கண்டிஷனரில் அதன் அளவு பொதுவாக 1 முதல் 5 சதவீதம் வரைதான். முடியில் தங்கும் படலமும் முடியின் குறுக்களவோடு ஒப்பிட்டால் மிக மிக மெல்லியது. வேலை என்னவோ கண்கூடாகத் தெரிகிறது. முடியின் வெளிப்புறம் ஓட்டுக்கூரைபோல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய செதில்களால் ஆனது. செதில்களின் விளிம்பு தூக்கி நிற்கும்போது முடியோடு முடி உரசிச் சிக்கு விழுகிறது, சீவும்போது அறுகிறது. சிலிக்கோன் அந்த விளிம்புகளின் மேல் படர்ந்து உராய்வைக் குறைக்கிறது. பரப்பு சமமாவதால் ஒளி சிதறாமல் திரும்பிப் பளபளப்பும் தெரிகிறது. சிலிக்கோன் முடியை ‘மூச்சுத் திணற’ வைக்கும் என்று சொல்வதுண்டு. தோலுக்கு வெளியே இருக்கும் முடி உயிரற்ற பொருள்; அதற்கு மூச்சே கிடையாது.

எங்கே ஒட்டுகிறது?

அடிபடாத முடியின் மேல் இயற்கையாகவே ஒரு கொழுப்புப் படலம் உண்டு. அது தண்ணீரைத் தள்ளும். ப்ளீச், நிறமூட்டல், வெயில் ஆகியவை அதை அரித்துவிட்டால், அந்த இடம் தண்ணீரை ஈர்ப்பதாக மாறுகிறது, எதிர்மின்னூட்டமும் கூடுகிறது. வேர்ப்பக்கம் புதிதாக வளர்ந்த முடி, நுனிப்பக்கம் சில ஆண்டுப் பழைய முடி. அதனால் ஒரே இழையின் இரு முனைகளும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை.

கண்டிஷனர்களில் அதிகம் காணப்படும் சிலிக்கோன்கள் இரண்டு. டைமெத்திகோன் சாதாரண வகை. மின்னூட்டம் இல்லாத அது, தண்ணீரில் கரையாமல் முடியின் மேல் வெறுமனே படர்கிறது. அமோடைமெத்திகோனில் அமின் தொகுதிகள் கோக்கப்பட்டிருக்கும். கண்டிஷனரின் புளிப்புத் தன்மையில் அவை நேர்மின்னூட்டம் பெற்று, எதிர்மின்னூட்டமுள்ள அடிபட்ட இடங்களைத் தேடிப் பிடித்துக்கொள்கின்றன. நுனி வறண்ட முடிக்கு இது நன்றாக உதவுவது இதனால்தான். பிடிப்பு பலமாக இருப்பதால் இறங்குவதும் மெதுவாகத்தான்.

மூன்றாவதாக, பாலிஎத்திலீன் கிளைக்கால் கோத்து, தண்ணீரில் கரையும்படி மாற்றிய வகைகளும் உண்டு. பொருள் பட்டியலில் பெயருக்கு முன்னால் ‘பெக்’ என்று தொடங்குபவை இவை. இவற்றில் பெரும்பாலானவை அலசும்போதே போய்விடும். மற்றவற்றைப் பெயரின் கடைசி அசையில் கண்டுகொள்ளலாம்: ‘கோன்’, ‘கோனால்’, ‘சிலோக்சேன்’ என்று முடிபவை சிலிக்கோன்கள். அமோடைமெத்திகோனோடு பட்டியலில் வேறு சில பால்மமாக்கிகள் சேர்ந்து வந்தால் அது தண்ணீரில் கரைந்துவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது சரியல்ல. அந்தப் பால்மமாக்கிகள் பாட்டிலுக்குள் சிலிக்கோனைக் கலக்கி வைக்கத்தான். சிலிக்கோன் முடியில் படிந்ததும் அதன் இயல்பு மாறுவதில்லை.

படிவு ஏன் சேர்கிறது?

வழக்கமான ஷாம்பு சிலிக்கோனை இறக்கக்கூடியதுதான். அதில் உள்ள சல்ஃபேட் வகை நுரைப்பான்கள் எண்ணெயைப் பிடித்துத் தூக்குவதுபோலவே டைமெத்திகோன் படலத்தையும் பெருமளவு தூக்கிவிடும். அப்படியானால் ஒவ்வொரு குளியலும் ஒரு வரவு செலவு: கண்டிஷனர் ஏற்றுகிறது, அடுத்த ஷாம்பு இறக்குகிறது. ஏற்றமும் இறக்கமும் சமமாக இருக்கும்வரை படிவு என்ற பேச்சுக்கே இடமில்லை. ஏற்றம் கூடினாலோ இறக்கம் குறைந்தாலோதான் மிச்சம் சேரத் தொடங்குகிறது.

இறக்கம் குறைவது பெரும்பாலும் ஷாம்புவை மாற்றும்போது. சல்ஃபேட் இல்லாத மென்மையான ஷாம்புகள் பல, எண்ணெயையும் அழுக்கையும் போக்கினாலும் சிலிக்கோனை முழுதாகத் தூக்குவதில்லை. ஷாம்புவே இல்லாமல் கண்டிஷனராலேயே தலை அலசுபவர்களுக்கு இறக்கம் இன்னும் குறைவு. சுருள்முடிப் பராமரிப்பில் ‘சல்ஃபேட் வேண்டாம், சிலிக்கோனும் வேண்டாம்’ என்று இரண்டையும் சேர்த்துச் சொல்வதன் தர்க்கம் இதுதான். முதலாவதை விட்டவர் இரண்டாவதையும் விடவில்லை என்றால் கணக்கு இடிக்கும்.

ஏற்றம் கூடுவது சீரத்தால். அலசாமல் முடியிலேயே விடும் பளபளப்புச் சீரங்களில் பெரும்பகுதி சிலிக்கோன்தான். லேசான பாரஃபின் எண்ணெய் கலந்து விற்கப்படும் தலை எண்ணெய்களும் இதேபோல் மேலேயே தங்கும்.

எல்லாப் பழியையும் சிலிக்கோன்மேல் போடவும் முடியாது. ஷாம்புவும் கண்டிஷனரும் ஒன்றான ‘டூ இன் ஒன்’ வகைகளில் நேர்மின்னூட்டமுள்ள பாலிமர்கள் இருக்கும். ஷாம்புவின் நுரைப்பானோடு அவை பிணைந்து, தண்ணீர் சேரும்போது பிரிந்து முடியில் படிகின்றன. அந்தப் பிணைப்பு சில நேரம் சிலிக்கோனைவிட விடாப்பிடியானது. இன்னொன்று தண்ணீர். கடின நீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் முடியில் தங்கி அதைச் சொரசொரப்பாக்கும்.

ஒரு முடியின் ஆறு வாரம்

தோள்வரை முடி உள்ள ஒரு பெண் அதற்கு நிறமூட்டிக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நிறம் சீக்கிரம் வெளுக்காமல் இருக்க சல்ஃபேட் இல்லாத ஷாம்புவுக்கு மாறுகிறார். வாரம் இரண்டு முறை தலைக்குக் குளியல், ஒவ்வொரு முறையும் பழைய கண்டிஷனர், தினமும் காலையில் இரண்டு சொட்டு சீரம். ஆறு வாரத்தில் கண்டிஷனர் 12 முறை, சீரம் 42 முறை ஏறியிருக்கிறது. இறக்கியது 12 மென்மையான அலசல்கள் மட்டும்.

முதல் இரண்டு வாரம் முடி அருமையாக இருக்கும். நான்காம் வாரம் வாக்கில் நுனிகள் நூல் நூலாகச் சேர்ந்து தொங்கும், மேல்பகுதி அமுங்கிப் போகும். குளிக்கும்போது முடி நனையவே நேரம் எடுக்கும். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடும். தொட்டால் மெழுகு பூசியது போலிருக்கும். தூசி ஒட்டுவதால் பளபளப்பும் மங்கும். முடி வறண்டுவிட்டது என்று எண்ணி அவர் ஒரு ஹேர் மாஸ்க் வாங்குகிறார். அதிலும் சிலிக்கோன் இருந்தால் ஏற்றம் இன்னும் கூடுகிறது.

வறட்சியா, படிவா என்று அறிய ஒரு சிறு சோதனை போதும். காதுக்குப் பின்னால் ஒரே கனமுள்ள இரண்டு கற்றைகளைப் பிரித்து, ஒன்றைக் கிளாரிஃபையிங் ஷாம்புவாலும் மற்றதை வழக்கமான ஷாம்புவாலும் அலசிக் காற்றில் உலரவிட வேண்டும். இரண்டுக்கும் கண்டிஷனர் கூடாது. முதல் கற்றை இலேசாகி, தனித்தனி இழையாகப் பிரிந்து நின்றால் குற்றவாளி படிவு. அது முன்பைவிடச் சொரசொரப்பானால் முடி உண்மையிலேயே அடிபட்டிருக்கிறது. சிலிக்கோன் அதை மூடிக் காத்துக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை என்றால் தண்ணீரைச் சந்தேகிக்கலாம். வாளியில் வெள்ளைக் கறை படியும், சோப்பு நுரைக்க மறுக்கும் ஆழ்துளைக் கிணற்று நீர் அதற்கு அடையாளம்.

கிளாரிஃபையிங் ஷாம்பு எப்போது?

கிளாரிஃபையிங் ஷாம்புவில் புதுமை எதுவும் கிடையாது. வலுவான நுரைப்பான்கள் இருக்கும். சிலிக்கோன், பாலிமர், எண்ணெய் போன்ற படியும் பொருட்கள் பெரும்பாலும் இருக்காது. எடுப்பதை மட்டும் செய்யும், எதையும் விட்டுப் போகாது. கடின நீர்ப் படிவுக்கு இது மட்டும் போதாது. உலோக அயனிகளைப் பிடிக்கும் ஈடிடிஏ போன்ற பொருள் சேர்ந்த ஷாம்பு வேண்டும். பொடுகு ஷாம்பு இதற்கு மாற்றாகாது. பொடுகு ஷாம்புகள் சிலவற்றிலேயே சிலிக்கோன் உண்டு. வினிகரும் சிலிக்கோனைக் கரைக்காது. சமையல் சோடா காரத்தன்மை உள்ளது; செதில்களைத் தூக்கி முடியை முரடாக்கும்.

பயன்படுத்தும் முறை எளிது. முடியை ஒரு நிமிடமாவது நன்றாக நனைத்து, ஷாம்புவை உள்ளங்கையில் தண்ணீரோடு கலந்து உச்சந்தலையில் தேய்க்க வேண்டும். நுரையை முடியின் நீளத்துக்கு இறக்கி, ஓரிரு நிமிடம் விட்டு அலசலாம். முதல் முறை நுரை சரியாக வராவிட்டால் இன்னொரு முறை போடலாம். முடித்ததும் நடுவிலிருந்து நுனிவரை கண்டிஷனர் கட்டாயம். எல்லாப் படலமும் போன முடியில் உராய்வு மிக அதிகம். அந்த நிலையில் சீவினால் அறும்.

வழக்கமான சல்ஃபேட் ஷாம்பு போட்டு, சீரம் பூசாதவருக்கு இது தேவையே இல்லை. சல்ஃபேட் இல்லாத ஷாம்புவும் சிலிக்கோன் கண்டிஷனரும் பயன்படுத்துபவருக்கு மாதம் ஒருமுறை. தினமும் சீரம் பூசினால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. நாட்காட்டியைவிட அறிகுறிகளைப் பார்ப்பது நல்லது. புதிதாக நிறமூட்டிய முடியிலும் கெரட்டின் சிகிச்சை செய்த முடியிலும் இது நிறத்தையும் சிகிச்சையின் ஆயுளையும் குறைக்கும். நிறமூட்டுவதற்கு முன் தேய்ப்பதே அதற்கு ஏற்ற நேரம். படிவு இல்லாத முடியில் சாயம் சீராக ஏறும்.

அடிக்கடி போட்டால் கதை மறுபடியும் தொடங்கும். முடி வறண்டு பறக்கும், அதை அடக்க சீரம் கூடும், சீரம் கூடினால் படிவு கூடும். மேலே சொன்ன பெண் ஒருமுறை கிளாரிஃபையிங் ஷாம்பு போட்டுவிட்டு, சீரத்தை நுனிக்கு மட்டும் வாரம் இரண்டு முறை என்று குறைத்தால், நிறத்துக்காக வாங்கிய ஷாம்புவை மாற்றாமலே கணக்கு பெரும்பாலும் நேராகிவிடும்.